விடுப்புப் பதிவேட்டில் வராத தலைவலி

கேள்வி: தலைவலி எல்லோருக்கும் வருவதுதானே? உலகத்தில் மனிதர்களை அதிகம் முடக்கும் நோய்களில் அதுவும் ஒன்று என்று எங்கோ படித்தேன், நம்ப முடியவில்லை. உண்மையில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஏன் பலருக்கு என்னவென்றே கண்டுபிடிக்கப்படாமல் போகிறது? வேலைக்கும் குடும்பத்துக்கும் அதனால் என்ன நஷ்டம்?

பதில்:

எல்லோருக்கும் வருகிறது என்பது ஏறக்குறைய உண்மைதான். அந்த உண்மைதான் இந்த நோயை மறைத்தும் வைத்திருக்கிறது.

முதலில் எண்ணிக்கை. உலகெங்கும் நடந்த 357 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. மக்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தலைவலி நோய் இருக்கிறது என்றது அது. மைக்ரேன் 14 சதவீதம், டென்ஷன் தலைவலி 26 சதவீதம். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலியோடு இருப்பவர்கள் 4.6 சதவீதம். எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் அன்றைக்குத் தலைவலியோடு இருப்பவர்கள் 15.8 சதவீதம், அதாவது உலக மக்கள்தொகையில் நூறு கோடிக்கும் மேல். உலக சுகாதார நிறுவனம் 2021-க்குத் தருகிற கணக்கு கொஞ்சம் குறைவு: 40 சதவீதம், சுமார் 310 கோடிப் பேர். கேட்கும் கேள்வியும் கணக்கிடும் முறையும் மாறினால் எண்ணும் இப்படி மாறும். எந்த வழியில் போனாலும் பாதிக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது.

ஆனால் எத்தனை பேருக்கு வருகிறது என்பது ஒன்று, வந்தால் எவ்வளவு முடக்குகிறது என்பது வேறு. உங்கள் சந்தேகத்துக்கு விடை இரண்டாவதில் இருக்கிறது. உலக நோய்ச்சுமைக் கணக்கில் ஒவ்வொரு உடல்நிலைக்கும் 0 முதல் 1 வரை ஓர் எடை தருவார்கள். 0 என்றால் முழு ஆரோக்கியம், 1 என்றால் இறப்புக்குச் சமம். டென்ஷன் தலைவலிக்கு அந்த எடை 0.037. மைக்ரேன் தாக்குதலுக்கு 0.441. ஒருவருக்கு வருடத்தில் 24 நாள் டென்ஷன் தலைவலி இருந்தால் அவர் இழப்பது ஒரு முழு நாளுக்கும் குறைவான ஆரோக்கியம். அதே 24 நாள் மைக்ரேன் என்றால் பத்தரை நாள். எண்ணிக்கையில் டென்ஷன் தலைவலி முன்னால் நிற்க, முடக்குவதில் மைக்ரேன் பல மடங்கு முன்னால் போய்விடுவது இதனால்தான். 'எல்லோருக்கும் வருவதுதானே' என்று நாம் சொல்லும்போது மனதில் இருப்பது முதல் வகை. சொல்லைக் கேட்டுத் துன்பப்படுகிறவருக்கு இருப்பது பெரும்பாலும் இரண்டாவது.

முடக்கும் நோய்களின் பட்டியலில் தலைவலி மேலே ஏறி வந்த கதையையும் சொல்ல வேண்டும். 1990-க்கான முதல் உலக நோய்ச்சுமைக் கணக்கில் தலைவலி நோய்களே இல்லை. உயிரைக் கொல்லாத நோய் என்பதால் இறப்புப் பதிவுகளில் அது தெரியாது, மருத்துவமனைப் படுக்கையிலும் தெரியாது. 2000-க்கான கணக்கில் மைக்ரேன் சேர்க்கப்பட்டு, ஊனத்தோடு வாழும் ஆண்டுகளுக்கான காரணங்களில் 19-ஆம் இடத்தில் வந்தது. டென்ஷன் தலைவலி 2010-இல்தான் உள்ளே வந்தது. 2016-க்கான கணக்கில் மைக்ரேன், கீழ்முதுகு வலிக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம். 2019 கணக்கில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களிடம் முதலிடம். இதைப் பார்த்துவிட்டு நோய் வேகமாகப் பரவுகிறது, கைப்பேசித் திரையால் வருகிறது என்றெல்லாம் எழுதுகிறார்கள். பெருமளவுக்கு அது கணக்கெடுப்பின் ஏற்றம். வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வுகள் இல்லாத நாடுகளில் அவை நடந்தன, கணக்கிடும் முறைகளும் மாறின. இருந்தது எண்ணப்பட்டது, அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு பரவலான ஒன்று ஏன் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது? உலக சுகாதார நிறுவனம் 2011-இல் தலைவலி நோய்களுக்கென்று வெளியிட்ட உலகத் தொகுப்பில், மைக்ரேன், டென்ஷன் தலைவலி உள்ளவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கே மருத்துவர் ஒருவர் நோயின் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்று இருக்கிறது. வலி மாத்திரையை அதிகம் சாப்பிடுவதாலேயே வரும் தலைவலிக்கு அது 10 சதவீதம்தான். பாதிப் பேர் தாங்களே மருந்து வாங்கிச் சமாளிக்கிறார்கள். மருத்துவப் பட்டப்படிப்பு முழுவதிலும் தலைவலிக்கென்று ஒதுக்கப்படுவது சராசரியாக 4 மணி நேரம். இந்தக் கடைசி எண்ணை நான் எங்கே சொன்னாலும் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், மருத்துவர்களைத் தவிர.

எண்களோடு நிறுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. ஒருவரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இவர் நான் பார்த்த பலரைச் சேர்த்து உருவாக்கிய ஆள், தனி ஒருவர் அல்ல. 36 வயதுப் பெண், ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, ஒரு குழந்தை. பதினைந்து வயதிலிருந்து மாதம் இரண்டு மூன்று முறை தலைவலி. அம்மாவுக்கும் இருந்தது. அதனால் அவர் வீட்டில் அது நோய் அல்ல, குடும்ப வழக்கம். 'எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அப்படித்தான்' என்று சொல்லிப் பத்து வருடம் யாரிடமும் போகவில்லை. மைக்ரேனில் பரம்பரையின் பங்கு பெரியது என்பதால், நோய் இருக்கும் வீட்டில்தான் அது சாதாரணமாகத் தெரியும்.

ஒரு நாள் போகிறார். நெற்றியிலும் கன்னத்திலும் வலி, மூக்கு அடைக்கிறது, கண்ணில் நீர் வருகிறது என்கிறார். சைனஸ் என்று முடிவாகி ஆன்டிபயாடிக் தரப்படுகிறது. இரண்டு நாளில் சரியாகிவிடுகிறது. இரண்டு நாளில் சரியாகாமல் எங்கே போகும்? சிகிச்சையே செய்யாவிட்டாலும் மைக்ரேன் தாக்குதல் பெரும்பாலும் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் தானாக அடங்கும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்திருந்தாலும் பெயர் அதற்குப் போகும். ஆன்டிபயாடிக், புதிய மூக்குக் கண்ணாடி, தைலம் என்று ஒவ்வொன்றுக்கும் வெற்றி வரலாறு உண்டாவது இப்படித்தான். தானாக முடிந்து தானாகத் திரும்பும் நோயில் தவறான நோயறிதல் தன்னைத்தானே உறுதிப்படுத்திக்கொள்கிறது. தலைவலி மருத்துவத்தில் இதைவிட வலுவான பொறி வேறு இல்லை என்பது என் எண்ணம்.

சைனஸ் தலைவலி என்று தாங்களாகவோ மருத்துவர் சொல்லியோ நம்பியிருந்த 2991 பேரை வைத்து 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மூக்கு அடைப்பது ஏன் என்றால், மைக்ரேனில் தூண்டப்படுவது முகத்துக்கும் நெற்றிக்கும் உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பு. அது தூண்டப்படும்போது மூளைத்தண்டு வழியாக ஓர் அனிச்சைச் செயல் நடந்து கண்ணீரும் மூக்கு நீரும் சுரக்கின்றன. அறிகுறி உண்மை, காரணம்தான் வேறு. நிஜமான சைனஸ் தொற்று என்றால் கெட்டியான, நிறம் மாறிய சளி வரும், பல சமயம் காய்ச்சலோ வாசனை தெரியாமையோ இருக்கும். அது மாதாமாதம் ஒரே மாதிரி வந்து இரண்டு நாளில் காணாமல் போவதில்லை. கழுத்து வலியும் இப்படித்தான். மைக்ரேன் தொடங்கும் முன்பே கழுத்து இறுகுவது பலருக்கு உண்டு. அதைக் கழுத்து எலும்புத் தேய்மானத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

அப்புறம் ஸ்கேன். நம் ஆளுக்கு வலி கூடியதும் பயம் வருகிறது, எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். ஒன்றுமில்லை என்று வருகிறது. மைக்ரேனை உறுதிசெய்ய எந்த ஸ்கேனும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை. ஸ்கேன் எடுப்பது வேறு நோய் இல்லை என்று பார்ப்பதற்கு மட்டும். ஆனால் 'மூளையில் கட்டி இல்லை' என்ற செய்தி, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் 'உனக்கு ஒன்றுமில்லை' என்று மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு வலி என்று படுத்தால் வீட்டிலும் ஒரு பார்வை, அலுவலகத்திலும் ஒரு பார்வை. நோய் இல்லை என்று பரிசோதனையே சொல்லிவிட்டதே! சில சூழ்நிலைகளில் ஸ்கேன் கட்டாயம் வேண்டும்: சில நொடிகளில் உச்சத்துக்குப் போகும் வலி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வருவது, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு. இவற்றில் தாமதிக்கக் கூடாது. இருபது வருடமாக ஒரே வடிவில் வந்து போகும் வலியில் ஸ்கேன் சொல்லக்கூடியது மிகக் குறைவு.

நோயைக் கண்டுபிடிப்பது பேச்சில்தான். அதுவும் நீண்ட பேச்சு தேவையில்லை. கடந்த மூன்று மாதத்தில் தலைவலியின்போது குமட்டல் இருந்ததா, வெளிச்சம் தொந்தரவு செய்ததா, ஒரு நாளாவது வேலையோ படிப்போ மற்ற காரியங்களோ கெட்டனவா என்று மூன்று கேள்விகள். இரண்டுக்கு 'ஆம்' என்றால் மைக்ரேனாக இருக்கும் வாய்ப்பு அதிகம். 2003-இல் இதைச் சோதித்தபோது மைக்ரேன் உள்ளவர்களில் 81 சதவீதம் பேரை இந்த மூன்று கேள்விகளே பிடித்தன. ஒருபக்கம் மட்டும் வலிக்க வேண்டும், கண்ணில் மின்னல் தெரிய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்னல் மாதிரியான முன்னறிகுறி பெரும்பாலானவர்களுக்கு வருவதே இல்லை, இருபக்கமும் வலிப்பதும் சகஜம். வலி வந்தால் மாடிப்படி ஏற முடிகிறதா, அல்லது அசையாமல் படுத்திருக்கத் தோன்றுகிறதா என்பது இந்த இரண்டைவிடவும் நல்ல தடயம். டென்ஷன் தலைவலிக்காரர் எழுந்து நடமாடுவார், மைக்ரேன்காரர் நடந்தால் வலி கூடும்.

கேள்வி தவறாக இருந்தால் பதிலும் தவறாகும். 'மாதத்தில் எத்தனை முறை வருகிறது?' என்று கேட்டால் நம் ஆள் 'மூன்று' என்பார். படுக்கவைத்த மூன்றை மட்டும் சொல்கிறார். 'தலைவலி கொஞ்சமும் இல்லாத நாள் மாதத்தில் எத்தனை?' என்று திருப்பிக் கேட்டால் யோசித்துவிட்டு 'பதினைந்து பதினாறு இருக்கும்' என்கிறார். மீதி நாட்களில் லேசாக இருக்கிறது, மாத்திரை போட்டுக்கொண்டு போய்விடுகிறார், அதையெல்லாம் யார் எண்ணுவது என்று விட்டுவிட்டார். மாத்திரை சீட்டு எழுதி வாங்கியது அல்ல என்பதால் 'வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?' என்று கேட்டாலும் அது பதிலில் வராது.

அந்த 10 சதவீதக் கதை இங்கே தொடங்குகிறது. ஏற்கெனவே தலைவலி நோய் உள்ள ஒருவர் வலி மாத்திரையை அடிக்கடி எடுத்தால், மூளையின் வலிப் பாதைகள் இன்னும் எளிதில் தூண்டப்படும் நிலைக்குப் போகின்றன. மாத்திரையின் வேகம் குறையும்போது வலி வருகிறது, வலி வந்ததால் அடுத்த மாத்திரை. எல்லை எங்கே என்று சர்வதேச வகைப்பாடு சொல்கிறது: பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற தனி மருந்துகள் மாதம் 15 நாளோ அதற்கு மேலோ, மைக்ரேன் தாக்குதலுக்கென்றே உள்ள டிரிப்டான்கள், மார்ஃபின் வகையான ஓபியாய்டுகள், இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகள் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், கூடவே தலைவலி மாதம் 15 நாளுக்குக் குறையாமல் இருந்தால், அது மாத்திரையால் வந்த தலைவலி. எண்ண வேண்டியது மாத்திரைகளை அல்ல, மாத்திரை எடுத்த நாட்களை. ஒரே நாளில் மூன்று போட்டால் அது ஒரு நாள், தினம் ஒன்று என்று பத்து நாள் போட்டால் பத்து நாள். 'நான் ஒன்றே ஒன்றுதான் போடுகிறேன்' என்பவர் பெரும்பாலும் இரண்டாவது வகை. மூட்டு வலிக்காகத் தினமும் இதே மாத்திரை எடுக்கிற, தலைவலி நோயே இல்லாத ஒருவருக்குப் பொதுவாக இது வருவதில்லை என்பது இன்னொரு விசித்திரம்.

இதற்குச் சிகிச்சை மாத்திரையைக் குறைப்பது அல்லது நிறுத்துவது, கூடவே வலி வருவதையே குறைக்கும் தடுப்பு மருந்து. நிறுத்தியதும் பெரும்பாலும் 2 முதல் 10 நாள் வரை வலி கூடும். அது கூடும் என்று முன்பே சொல்லாவிட்டால் யாரும் மூன்றாம் நாளைத் தாண்டமாட்டார்கள். ஓபியாய்டு மாதிரியான மருந்துகளைத் தானாக ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது, அதற்கு மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

வழியில் எத்தனை பேர் உதிர்கிறார்கள் என்பதை அமெரிக்காவில் ஓர் ஆய்வு படிப்படியாக எண்ணிப் பார்த்தது, 2016-இல் வெளிவந்தது. நாட்பட்ட மைக்ரேன், அதாவது மாதம் 15 நாளுக்குக் குறையாத தலைவலி உள்ள 1254 பேர். அவர்களில் தலைவலிக்காக மருத்துவரைப் பார்த்தவர்கள் 512 பேர். பார்த்தவர்களில் சரியான பெயர் கிடைத்தவர்கள் 126 பேர். பெயர் கிடைத்தவர்களில் தாக்குதலுக்கான மருந்தும் தடுப்பு மருந்தும் இரண்டும் கிடைத்தவர்கள் 56 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. மாதத்தில் பாதி நாள் வலியோடு இருப்பவர்களின் நிலைமை இது. பெரிய மருத்துவ வசதி உள்ள நாட்டின் கணக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகாததும் பெரிய கசிவு, போயும் பெயர் கிடைக்காததும் பெரிய கசிவு. 'டாக்டரிடம் போங்கள்' என்று பிரச்சாரம் செய்தால் மட்டும் இது தீராது என்று நான் சொல்வதற்கு அந்த 512-க்கும் 126-க்கும் நடுவில் இருக்கும் பள்ளமே காரணம்.

இனி நஷ்டத்துக்கு வருவோம். அதை அளக்க மைடாஸ் என்ற ஐந்து கேள்விப் படிவம் இருக்கிறது. கடந்த மூன்று மாதத்தில் தலைவலியால் வேலைக்குப் போகாத நாட்கள் எத்தனை, போயும் பாதியோ அதற்குக் குறைவாகவோ மட்டும் வேலை செய்ய முடிந்த நாட்கள் எத்தனை, வீட்டு வேலை செய்ய முடியாத நாட்கள், வீட்டு வேலை பாதியாகிப்போன நாட்கள், குடும்ப நிகழ்ச்சிக்கோ நண்பர்களிடமோ போக முடியாத நாட்கள் எத்தனை. நம் ஆளின் பதில்கள் முறையே 2, 9, 6, 7, 4. கூட்டினால் 28. இந்த அளவுகோலில் 21-ஐத் தொட்டாலே கடுமையான பாதிப்பு.

இப்போது அதையே நிறுவனத்தின் கண்ணோடு பார்ப்போம். விடுப்புப் பதிவேட்டில் இருப்பது 2 நாள். வருடத்துக்கு 8 நாள். யாரும் கவலைப்படும் எண் அல்ல. ஆனால் பாதி வேலை நடந்த 9 நாட்களில் குறைந்தது நாலரை நாள் வேலை போயிருக்கிறது. 2-ஐயும் கூட்டினால் மூன்று மாதத்தில் ஆறரை, வருடத்துக்கு 26 வேலை நாட்கள். வருடத்தில் 250 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் பத்தில் ஒரு பங்கு. இந்த 26-இல் 18 நாள் அவர் மேசையில் உட்கார்ந்திருந்தபோதே போனவை. திரையைப் பார்க்க முடியாமல் ஒரே வரிசையை மூன்று முறை கூட்டிப் பார்த்து, தவறு விட்டு, மறுநாள் அதைத் திருத்தி. மேலதிகாரி எழுதும் குறிப்பு 'கவனம் போதாது' என்று இருக்கும். தலைவலி என்று எழுதியிருக்காது.

பெரிய அளவில் எடுத்த கணக்கும் இதே விகிதத்தில்தான் வருகிறது. யூரோலைட் என்ற ஆய்வு எட்டு நாடுகளில் கேட்டு, 18 முதல் 65 வயது வரையானவர்களுக்குத் தலைவலி நோய்களால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஆகும் வருடாந்திர நஷ்டம் 17,300 கோடி யூரோ என்று 2012-இல் கணித்தது. அதில் 11,100 கோடி மைக்ரேனுடையது. மொத்தத்தில் 93 சதவீதம் வேலை இழப்பு. மருத்துவர், மருந்து, பரிசோதனை எல்லாம் சேர்ந்து மீதி 7 சதவீதம். வேலை இழப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு, வந்து உட்கார்ந்தும் வேலை ஓடாததால் போனது. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் மைக்ரேனுக்கு வருடம் 1222 யூரோ, டென்ஷன் தலைவலிக்கு 303. மாத்திரையால் வரும் தலைவலிக்கு 3561. யாரும் பெயர் சொல்லாமல் விடுகிற நோய்தான் ஆளுக்கு ஆள் அதிகம் செலவு வைக்கிறது.

7 சதவீதம் என்பதைக் கவனியுங்கள். சுகாதாரத் துறையின் பட்ஜெட்டில் தலைவலி சின்னதாகத் தெரிவதற்குக் காரணம் அதற்குச் சிகிச்சையே நடக்கவில்லை என்பதுதான். செலவு சுகாதாரத் துறையினுடையது, லாபம் வரப்போவதோ முதலாளிக்கும் குடும்பத்துக்கும். இப்படிப் பிரிந்து கிடந்தால் செலவு செய்ய யாருக்கும் அவசரம் வராது.

இந்தக் கோடிகளில் ஓட்டைகளும் உண்டு. வேலை இழப்பை ஊதியத்தால் பெருக்கி எடுத்த கணக்கு இது. ஊதியம் இல்லாத வேலை இதில் பணமாக வராது. நம் ஆளின் ஐந்து பதில்களில் வீட்டு வேலை சம்பந்தப்பட்ட 6-ம் 7-ம் எந்த நாட்டின் வருமானத்திலும் குறையாகப் பதியாது. மைக்ரேன் பெண்களுக்கு ஆண்களைப்போல இரண்டு மூன்று மடங்கு அதிகம். வீட்டு வேலையின் பெரும்பகுதியும் அவர்களிடமே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து யோசித்தால், கணக்கு எந்தப் பக்கம் குறைவாக இருக்கிறது என்று தெரியும்.

அந்த 13 நாட்களில் வீட்டில் என்ன நடக்கிறது? சமையல் நிற்பதில்லை, கை மாறுகிறது. கணவர் அலுவலகத்தில் அனுமதி கேட்டு முன்னதாக வருகிறார், அது அவருடைய பதிவேட்டில் 'சொந்த வேலை'. குழந்தை சத்தம் போடாமல் விளையாடக் கற்றுக்கொள்கிறது. அம்மா படுத்திருக்கும் அறைக் கதவு மூடியிருந்தால் எதைக் கேட்கலாம், எதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஏழு வயதில் அதற்கு ஒரு பட்டியலே இருக்கும். வலி இல்லாத நாட்களும் முழுக்க வலி இல்லாதவை அல்ல. ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லும்போதே 'அன்றைக்கு வந்துவிட்டால்?' என்ற கணக்கு ஓடும். கொஞ்சநாளில் வருகிறேன் என்று சொல்வதையே நிறுத்திவிடுவார்கள். யூரோலைட் ஆய்வில் மைக்ரேன் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், தாக்குதல்களுக்கு இடைப்பட்ட நாட்களிலும் ஏதோ ஒரு பாதிப்பு இருப்பதாகச் சொன்னார். அமெரிக்க ஆய்வு ஒன்றில், நாட்பட்ட மைக்ரேன் உள்ளவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு, இந்த நோயால் குழந்தை பெறுவதைத் தள்ளிப்போட்டதாகவோ குறைவாகப் பெற்றதாகவோ சொன்னார்கள். வேண்டாம் என்று மறுத்த பதவி உயர்வு, மாறிக்கொண்ட குறைந்த சம்பள வேலை, இவையெல்லாம் மைடாஸ் கேட்கும் மூன்று மாதத்துக்குள் விழாது. எப்போதோ எடுத்த முடிவுகள் அவை.

நம் ஆளுக்கு என்ன செய்ய முடியும் என்பதையும் அதே எண்களில் பார்த்துவிடலாம். நாலு வாரம் ஒரு நாட்குறிப்பு: வலி இருந்த நாள், அதன் கடுமை, மாத்திரை எடுத்த நாள், மாதவிடாய் நாள். அவ்வளவு போதும், சாப்பிட்டதையெல்லாம் எழுதச் சொன்னால் இரண்டாம் வாரம் நோட்டு மூலைக்குப் போய்விடும். அதில் மாத்திரை நாட்கள் 10-ஐ அல்லது 15-ஐத் தாண்டுகிறதா என்பது முதல் முடிவு. தாக்குதல் மருந்தைத் தாமதிக்காமல், வலி லேசாக இருக்கும்போதே, போதுமான அளவில் எடுக்க வேண்டும். ஆனால் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் போகக் கூடாது. நம் ஆளைப்போல நாட்கள் ஏறிப்போனவர்களுக்குத் தடுப்பு மருந்து வேண்டும். புரோப்ரனலால், அமிட்ரிப்டிலின், டோபிராமேட் போன்ற பழைய மருந்துகள் பல வருடமாக இருக்கின்றன, மைக்ரேன் வலியைத் தூண்டும் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தைத் தடுக்க, மைக்ரேனுக்கென்றே உருவான ஊசிகள் 2018 முதல் வந்தன. டோபிராமேட் கருவுக்குக் கெடுதல் செய்யக்கூடியது என்பதால், 36 வயதுப் பெண்ணுக்கு எதை எழுதுவது என்பதற்கு முன் கர்ப்பத் திட்டம் பற்றிக் கேட்டாக வேண்டும்.

தடுப்பு மருந்து நோயை ஒழிப்பதில்லை. வலி நாட்கள் பாதியானால் அதை வெற்றி என்கிறோம். அவருடைய வருடாந்திர இழப்பான 26 வேலை நாளும் அதே அளவில் பாதியானால் 13 நாள் திரும்பக் கிடைக்கும். பழைய மாத்திரைகளில் சரியான அளவுக்கு வந்த பிறகும் பலன் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். மூன்றாம் வாரமே 'வேலை செய்யவில்லை' என்று விட்டவர்கள் எத்தனையோ பேர். அதனால் மூன்று மாதம் கழித்து அந்த ஐந்து கேள்விகளைத் திரும்பக் கேட்க வேண்டும். 28 என்பது 14-க்கு வந்திருந்தால் தொடரலாம். வராவிட்டால் முதலில் நாட்குறிப்பில் மாத்திரை நாட்களைத்தான் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டும், மருந்தை மாற்றுவது அதற்கு அடுத்தது.